சின்ன அலுவலகத்தில் சில்லறைச் செலவுப் பணம்: இம்ப்ரெஸ்ட் முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கேஷ் பாக்ஸில் பணம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கரைந்துகொண்டே போகிறது. இம்ப்ரெஸ்ட் வைத்தால் மட்டும் எப்படிக் கட்டுக்குள் வரும்?"

நீங்கள் இப்போது செய்வது, தீர்ந்தால் கொடுப்பது. இரண்டாயிரம் கேட்டால் இரண்டாயிரம், ஐந்தாயிரம் கேட்டால் ஐந்தாயிரம். இதில் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எந்த நாளிலும் யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு இருக்க வேண்டும் என்றே தெரியாதபோது குறைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இம்ப்ரெஸ்ட் முறையில் ஒரு தொகையை முதலிலேயே நிலையாக நிர்ணயிக்கிறோம். 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கிறோம். அவர் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்தாலும் அதற்கு ஈடாக ஒரு வவுச்சர் பெட்டிக்குள் வர வேண்டும். பணம் குறையக் குறைய வவுச்சர் சேரும். எந்த நாள், எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் ரொக்கத்தையும் வவுச்சர்களையும் கூட்டினால் 10,000 வர வேண்டும். பணம் தீரும் நிலைக்கு வந்ததும் வவுச்சர்களை உங்களிடம் கொடுத்து, அவற்றின் கூட்டுத்தொகைக்கு மட்டும் செக் வாங்கிக்கொள்வார். பெட்டி மறுபடி 10,000 ஆகிவிடும்.

கட்டுப்பாடு முழுக்க இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: மொத்தம் மாறாது, நிரப்பும் தொகை வவுச்சர் தொகைக்குச் சமம். இதில் எது தளர்ந்தாலும் பழைய நிலைதான். அப்புறம் பெட்டிக்கு எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை.

"எங்களுக்கு எவ்வளவு தொகை சரியாக இருக்கும்?"

கடந்த மூன்று மாதச் சில்லறைச் செலவை எடுத்து வாரக் கணக்காகப் பிரித்துப் பாருங்கள். தீபாவளி மாதிரி வாரங்களைத் தள்ளிவிடுங்கள். வாரத்துக்கு 4,000 ரூபாய் போகிறது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிரப்புவது உங்களுக்கு வசதி என்றால் 8,000 தேவை. செக்கில் கையெழுத்து வாங்கி, பேங்க்குக்குப் போய் வர ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் பெட்டி காலியாகிவிடக் கூடாது. அதற்கும் சேர்த்து 10,000 வைக்கலாம்.

சந்தேகம் இருந்தால் குறைவான தொகையில் ஆரம்பிப்பதே நல்லது என்பேன். பெரிய தொகை வைத்தால் நிரப்புவது ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப்போகும். அவ்வளவு நாள் கழித்து வவுச்சரைப் பார்க்கும்போது, "இந்த 350 எதற்கு?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதினைந்து நாளுக்குள் என்றால் கேட்டதும் பதில் வரும்.

ஆயுத பூஜைக்குப் பொரி, பூ, வாழைக்கன்று, ஊழியர்களுக்கு இனிப்பு என்று ஒரே நாளில் பெரிய செலவு வரும். அதற்காக இம்ப்ரெஸ்ட் தொகையை ஏற்றாதீர்கள். தனியாக ஒரு முன்பணம் கொடுத்து, பூஜை முடிந்ததும் தனியாகக் கணக்கு முடித்துவிடுங்கள். ஆண்டு முழுவதற்குமே செலவு கூடிவிட்டது என்றால், நிரப்பும் செக்கோடு கலக்காமல் தனி செக் போட்டு தொகையை 12,000 ஆக்கி, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"மொத்தமே நாலு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். பெட்டி யாரிடம் இருக்கலாம்?"

யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருவரிடம் மட்டும். சாவி டிராயரில் கிடக்கிறது, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்கிறார் என்றால் குறைந்த பணத்துக்கு யாரையும் கேட்க முடியாது. நல்லவர் மேலும் சேர்த்துத்தான் சந்தேகம் விழும். அவருக்கும் அது நியாயமில்லை.

பெரிய நிறுவனங்களில் பணம் வைத்திருப்பவர், செலவுக்கு அனுமதி தருபவர், லெட்ஜரில் எழுதுபவர், செக்கில் கையெழுத்திடுபவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். நாலு பேர் ஆபீஸில் அதற்கு வழியில்லை. அதனால் குறைந்தபட்சம் ஒரு பிரிவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பெட்டி வைத்திருப்பவர் வேறு, நிரப்பும் செக்கில் கையெழுத்திடுபவர் வேறு. செக்கில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் முதலாளிதான். அவர் வவுச்சர் கட்டைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. "எவ்வளவு ஆச்சும்மா, ஆறாயிரத்து ஐநூறா? சரி கொடு" என்று செக் புத்தகத்தை மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் இந்த முறை ஒப்புக்குத்தான் நடக்கும்.

பொறுப்பாளர் லீவில் போகும்போது சாவியை மட்டும் கைமாற்றிவிட்டுப் போகக் கூடாது. எண்ணி, எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி அதேபோல். பத்து நிமிட வேலை.

"ஆட்டோக்காரரும் சுமை இறக்குபவரும் பில் தர மாட்டார்களே, அதற்கு என்ன செய்வது?"

பில் இல்லாத செலவு இருக்கத்தான் செய்யும். அதற்கு வவுச்சர் எழுதாமல் விடுவதுதான் தவறு. பில் இல்லாவிட்டால் வவுச்சரில் விவரம் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆட்டோ 180" என்று எழுதினால் அது வவுச்சரே இல்லை. எந்தத் தேதி, யார் போனார், எங்கிருந்து எங்கே, எதற்காக: "காந்திபுரம் ஆபீஸிலிருந்து ரயில்வே பார்சல் அலுவலகம், இரண்டு பெட்டி அனுப்ப, போக மட்டும்." கீழே போனவர் கையெழுத்து. சுமை கூலி என்றால் வாங்கியவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சரக்கு, எந்த வண்டியில் வந்தது என்றும் ஒரு வரி. பின்னால் சரக்கு வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட அந்த ஒரு வரிதான் உதவும்.

பணம் கொடுக்கும் நேரத்திலேயே எழுத வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றால் ஒன்று விடுபடும். வவுச்சர் புக் வரிசை எண் அச்சிட்டதாக இருக்கட்டும். தப்பாக எழுதிய தாளைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடு போட்டு, கட்டிலேயே வைத்திருங்கள்.

பில் கிடைத்த செலவிலும் ஒரு விஷயம். சூப்பர் மார்க்கெட்டிலும் பெட்ரோல் பங்கிலும் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அதை அப்படியே வவுச்சரோடு பின் செய்து வைத்தால் ஆடிட்டர் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

"திடீரென்று பெட்டியைச் சோதித்தால் எதை எப்படிப் பார்க்க வேண்டும்? ஒரு கணக்கோடு சொல்லுங்களேன்."

கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் அலுவலகம் ஒன்று, பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், இம்ப்ரெஸ்ட் 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வியாழக்கிழமை மதியம் மேனேஜர் வந்து பெட்டியை எண்ணச் சொல்கிறார். எண்ணுவது பொறுப்பாளர், மேனேஜர் பக்கத்தில் நின்று எழுதுகிறார். மேனேஜர் கை பணத்தில் படவே கூடாது. பின்னால் குறைந்தால் பேச்சு வரும்.

500 ரூபாய் நோட்டு மூன்று, 200 இரண்டு, 100 ஆறு, 50 ஐந்து, 20 நான்கு, 10 ஏழு, சில்லறைக் காசு 36. ரொக்கம் 2,936 ரூபாய். ஒரு முன்பணச் சீட்டு 500-க்கு இருக்கிறது. ஸ்டேஷனரி வாங்கப் போன பையன் இன்னும் திரும்பவில்லை. வவுச்சர்கள் 41 முதல் 62 வரை, கூட்டுத்தொகை 6,364. மூன்றையும் சேர்த்தால் 9,800. இருநூறு ரூபாய் குறைகிறது.

இப்போது தேட வேண்டும். முதலில் ரொக்கத்தையும் வவுச்சர் கூட்டலையும் இன்னொரு முறை பார்க்கிறார்கள், அதே எண்தான். அடுத்து வவுச்சர் எண் வரிசை. இடையில் எதுவும் விடுபடவில்லை. பிறகு ஒவ்வொரு வவுச்சரிலும் எழுதிய தொகையும் உள்ளே பின் செய்த பில்லின் தொகையும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். 430-ஐ 340 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 200 வகுபடாது, அதனால் அப்படி ஒரே ஒரு இடமாற்றத்தால் வந்த குறைவாக இது இருக்க முடியாது. முழு எண்ணாக இருநூறு குறைவதே ஒரு துப்பு. பில்லுக்குக் கொடுக்கும் பணம் 187, 213 என்று உதிரியாக இருக்கும். முழு எண்ணாகப் போவது பெரும்பாலும் பில் இல்லாத கூலிதான்.

சரக்கு வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் இந்தக் காலத்தில் மூன்று லோடு வந்திருக்கிறது. இறக்கு கூலி வவுச்சர் இரண்டுதான் இருக்கிறது, 400-க்கும் 350-க்கும். செவ்வாய்க்கிழமை மினி லாரியில் வந்த பம்ப் கேஸிங் லோடுக்கு வவுச்சர் இல்லை. கேட்டதும் பொறுப்பாளருக்கு ஞாபகம் வருகிறது: சாப்பாட்டு நேரத்தில் வண்டி வந்தது, அவசரமாக இருநூறு எடுத்துக் கொடுத்தார், எழுதவில்லை. அன்றைய தேதியிலேயே இருந்ததுபோல் இடையில் செருகாமல், 63-ஆம் எண்ணில், வியாழக்கிழமை தேதியிட்டு, "செவ்வாய் வந்த லோடுக்கு, சோதனையில் கண்டுபிடித்தது" என்று எழுதி, மேனேஜரும் கையெழுத்திடுகிறார். வவுச்சர் தொகை இப்போது 6,564. கணக்கு 10,000-க்கு வந்துவிட்டது.

இந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் சோதிக்காதீர்கள். தேதி தெரிந்தால், எடுத்தவர் அன்று காலை எங்கிருந்தாவது புரட்டி வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ள முடியும். ஆபீஸில் இரண்டு பெட்டி இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் இதே நோட்டு அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும்.

"6,564 என்று எதற்கு உதிரியாக? ஏ.டி.எம்மில் 7,000 எடுத்துப் போட்டுவிட்டால் என்ன?"

நான் பார்த்த அலுவலகங்களில் இந்த முறை அதிகம் உடைவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் 6,564 நிரப்பினால் ரொக்கம் 9,500, முன்பணச் சீட்டு 500, மொத்தம் 10,000. பழைய வவுச்சர்கள் போய்விட்டன, புதிய சுற்று சுத்தமாக ஆரம்பிக்கிறது. 7,000 போட்டால் மொத்தம் 10,436. அடுத்த முறை 6,000 எடுக்கிறார்கள், செலவு 6,218, மொத்தம் 10,218. அதற்கடுத்த முறை இன்னொரு முழுத்தொகை. நாலு சுற்று போனால் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஆரம்பத்திலிருந்து எல்லா வவுச்சரையும் கூட்ட வேண்டும். யாரும் கூட்ட மாட்டார்கள். அன்றோடு இம்ப்ரெஸ்ட் முடிந்தது. பெயர் மட்டும் இருக்கும்.

ஏ.டி.எம்மில் உதிரி வராது என்பது உண்மைதான். அதனால் நிரப்புவதற்கு செல்ஃப் செக் எழுதி கவுன்ட்டரில் எடுப்பதுதான் சரி. 6,564 என்று எழுதிய செக்குக்கு நோட்டும் காசுமாகக் கிடைக்கும், சில்லறையும் சேர்ந்து வந்துவிடும். ஊரில் பேங்க் கிளை தூரம் என்றால், முதலாளி தன் பொறுப்பில் உள்ள மெயின் கேஷிலிருந்து சரியாக 6,564 எண்ணிக் கொடுக்கலாம். தொகை வவுச்சர் தொகைக்குச் சமமாக இருப்பதுதான் முக்கியம்; எந்த வழியில் வந்தது என்பது இரண்டாவது.

செக் கொடுக்கும் அதே நேரத்தில் ஒவ்வொரு வவுச்சரிலும் 'பெய்டு' முத்திரை போடுங்கள். வவுச்சரிலும் பில்லிலும் சேர்ந்து விழுகிற மாதிரி குறுக்கே போட வேண்டும். வவுச்சரில் மட்டும் போட்டால், பில்லைக் கழற்றி அடுத்த மாதம் புது வவுச்சரில் பின் செய்து இன்னொரு முறை வாங்கிவிடலாம்.

"பணம் குறைந்தால் பொறுப்பாளர் சொந்தப் பணத்தைப் போட வேண்டும் என்று எங்கள் ஆபீஸில் விதி. இது சரியா?"

இந்த விதியால் குறைவு நின்றுவிடாது. அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். இருபது ரூபாய் குறைந்தால் அந்தப் பெண் தன் பர்ஸிலிருந்து போடுவார். அடுத்த வாரம் முப்பது மிஞ்சினால் சொல்லாமல் எடுத்துக்கொள்வார். தான் போட்டதைத்தானே எடுக்கிறோம் என்ற நியாயமும் இருக்கும். அதன் பிறகு பெட்டி எப்போது எண்ணினாலும் சரியாகவே இருக்கும். எங்கே தவறு நடக்கிறது என்று காட்டுகிற ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிட்டோம்.

சின்னத் தொகை என்றால் "ரொக்கக் குறைவு / மிகை" என்று ஒரு கணக்குத் தலைப்பு வைத்து, முதலாளி கையெழுத்தோடு வவுச்சர் எழுதி அதில் போடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தலைப்பைத் திறந்து பாருங்கள். ஐந்தும் பத்துமாக இரு பக்கமும் இருந்தால் அது சில்லறை கொடுக்கல் வாங்கலில் வருவது, விட்டுவிடலாம். எப்போதும் குறைவாகவே இருந்தாலோ, ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்தாலோ விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே எடுத்தது என்று தெரிந்தால் அது வேறு விஷயம், அதை இந்தக் கணக்கில் மூடக் கூடாது.

மிகையைப் பார்த்துச் சந்தோஷப்படவும் கூடாது. பெட்டியில் 150 அதிகம் இருக்கிறது என்றால் கொடுக்காத பணத்துக்கு ஒரு வவுச்சர் இருக்கிறது, அல்லது தொகை கூட்டி எழுதப்பட்டிருக்கிறது, அல்லது வேறு யாருடைய பணமோ உள்ளே கிடக்கிறது. பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் விற்ற காசைப் பெட்டியில் போட்டுவிடுவது இப்படித்தான் வரும். வரவு எதுவும் இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. அதற்கு ரசீது போட்டு மெயின் கேஷில் சேர்த்துவிடுங்கள்.

"முதலாளியே வந்து 'ஒரு ரெண்டாயிரம் கொடும்மா' என்கிறார். ஊழியர்களும் கைமாற்று கேட்கிறார்கள். நான் எப்படி மறுப்பது?"

முதலாளியிடம் மறுக்க வேண்டாம், சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "சார், கணக்கு பத்தாயிரத்துக்கு வரணும், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று சொன்னால் போதும். அவர் சொந்தச் செலவுக்கு எடுத்தது என்றால் நிரப்பும்போது அதை அலுவலகச் செலவில் சேர்க்காமல் அவருடைய சொந்த எடுப்புக் கணக்கில் எழுதுவார்கள். கம்பெனி என்றால் அவர் பெயரில் பாக்கியாக நிற்கும். இதைப் படிக்கிறவர் முதலாளி என்றால் ஒரு வேண்டுகோள்: வீட்டுச் செலவுக்கு இந்தப் பெட்டிப் பக்கம் வராதீர்கள். நீங்கள் சீட்டில்லாமல் எடுத்த ஒரு நாளிலிருந்து அந்தப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்குக் குறைந்துவிடுகிறது.

ஊழியர்களுக்கு இரண்டு விதமான பணம் போகும். அலுவலக வேலைக்காக முன்பணம் வாங்கிப் போவது ஒன்று. அதற்குச் சீட்டு எழுதி, அன்றே அல்லது மறுநாளுக்குள் பில்லும் மீதியும் திரும்ப வர வேண்டும். வந்ததும் சீட்டைக் கிழித்துவிட்டு வவுச்சர் எழுதுங்கள். கைமாற்று இன்னொன்று, அது இந்தப் பெட்டியிலிருந்து கிடையவே கிடையாது. அவசரம் உண்மையாகவே இருக்கலாம், அதை முதலாளி சம்பள முன்பணமாகத் தனியாகக் கொடுக்கட்டும். பெட்டியைத் திறந்தால் ரொக்கத்தைவிடச் சீட்டு அதிகமாக இருக்கிறது, சீட்டின் தேதி பத்து நாள் பழையது என்றால் அந்த இம்ப்ரெஸ்ட் வட்டியில்லாக் கடன் சங்கமாகிவிட்டது என்று அர்த்தம்.

"ஒரு வவுச்சருக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று வைக்க வேண்டுமா?"

வையுங்கள். 10,000 இம்ப்ரெஸ்டுக்கு 1,000 ரூபாய் நியாயமான வரம்பு. அதற்கு மேல் போகும் பில்லை பேங்க் வழியாகக் கட்டிவிடலாம்.

வரம்பு வைத்ததும் பிரிக்கும் பழக்கம் வரும். 1,800 ரூபாய் பேப்பர் பண்டலை 900, 900 என்று இரண்டு பில்லாக வாங்கி வருவார்கள். ஒரே கடை, ஒரே தேதி, பில் எண் அடுத்தடுத்து இருந்தால் பிரித்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் திருட்டு எண்ணம் இருக்காது, செக் வாங்கும் அலுப்புதான். ஆனாலும் கேளுங்கள்.

வருமான வரியிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரே நபருக்கு ஒரே நாளில் ரொக்கமாக மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த தொழில் செலவைப் பொதுவாகச் செலவாக ஏற்க மாட்டார்கள். சரக்கு லாரி வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. இம்ப்ரெஸ்டே 10,000 என்று இருந்தால் இந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள்.

"டேலியில் எப்படி என்ட்ரி போடுவது? மார்ச் 31 அன்று என்ன செய்ய வேண்டும்?"

புத்தக முறைப்படி, முதலில் பணம் கொடுக்கும்போது சில்லறை ரொக்கம் பற்று 10,000, வங்கி வரவு 10,000. அதன் பிறகு அந்த லெட்ஜரைத் தொடுவதில்லை. நிரப்பும்போது வவுச்சர்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து நேராகச் செலவில் எழுதுகிறோம். நம் உதாரணத்தில் கூரியர் 1,240, பயணமும் பெட்ரோலும் 1,865, டீ-டிபன் 1,410, ஸ்டேஷனரி-ஜெராக்ஸ் 784, சுமை கூலி 950, வாட்டர் கேன் 315. எல்லாம் பற்று, வங்கி வரவு 6,564.

டேலியில் பலர் செய்வது வேறு. பெட்டிக்கு Cash-in-Hand தொகுப்பில் தனி லெட்ஜர் திறந்து, ஒவ்வொரு வவுச்சரையும் அந்தந்தத் தேதியில் F5 பேமென்ட்டாகப் போட்டு, நிரப்பும் செக்கை F4 கான்ட்ராவாகப் போடுகிறார்கள். இதுவும் சரிதான். செலவு உரிய தேதியில் விழுகிறது, லெட்ஜரில் காட்டும் மீதியைப் பெட்டியோடு நேராக ஒப்பிடலாம். பெட்டியில் முன்பணச் சீட்டு இருந்தால் அதையும் ரொக்கத்தோடு சேர்த்து ஒப்பிடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே இருங்கள். இரண்டும் கலந்தால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

முதல் முறையில் போகிறவர்கள் மார்ச் 31-ஐ மறக்கக் கூடாது. அன்று பெட்டியில் 2,310 ரூபாய்க்கு நிரப்பாத வவுச்சர் இருந்தால் அந்தச் செலவு இந்த ஆண்டுக்குரியது. ஆனால் ஏப்ரலில் நிரப்பும்போது அடுத்த ஆண்டில் விழும். இருப்புநிலைக் குறிப்பிலும் கையில் 7,690 இருக்கும்போது 10,000 என்று காட்டும். எளிய வழி, மார்ச் 31 அன்றே நிரப்பிவிடுவது. முடியாவிட்டால் அன்று செலவுகள் பற்று, சில்லறை ரொக்கம் வரவு 2,310 என்று ஒரு என்ட்ரி போட்டு, ஏப்ரலில் வரும் செக்கில் அந்த 2,310-ஐ மட்டும் சில்லறை ரொக்கத்தில் பற்று வைக்க வேண்டும்.

"இப்போது எல்லாம் ஜிபே-தானே. இன்னும் பெட்டி எதற்கு?"

டீக்கடையிலும் ஆட்டோவிலும் யுபிஐ வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பணம் யாருடைய போனிலிருந்து போகிறது? பெரும்பாலும் ஊழியரின் சொந்தக் கணக்கிலிருந்து. அவர் பிறகு பெட்டியிலிருந்து ரொக்கம் வாங்கிக்கொள்கிறார். அதற்கு வவுச்சர் வேண்டும், பில் வேண்டும், யுபிஐ பரிமாற்ற எண்ணையும் வவுச்சரில் எழுத வேண்டும். 'பணம் போனது' என்ற ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. யாருக்குப் போனது என்று காட்டும், எதற்கு என்று காட்டாது. அதையே இரண்டு முறை அச்செடுத்துக் கொடுக்கவும் முடியும். எண்ணை எழுதிவைத்தால் அடுத்த முறை அதே எண் வரும்போது மாட்டிவிடும்.

சிலர் சில்லறைச் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு திறந்து அதில் 10,000 வைத்து யுபிஐ இணைக்கிறார்கள். விதி அப்படியே பொருந்தும்: கணக்கு மீதியும் வவுச்சர்களும் சேர்ந்து 10,000. அங்கே உதிரித் தொகையாக நிரப்புவதில் சிரமமே இல்லை, 6,564-ஐ அப்படியே அனுப்பிவிடலாம். பாஸ்புக்கில் எல்லாம் பதிவாகிறதே, வவுச்சர் எதற்கு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"எண்ணினால் எப்போதும் சரியாக 10,000 இருக்கிறது. ஆனாலும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. எங்கே ஓட்டை?"

இந்த முறையின் எல்லை இதுதான். பணத்துக்கு ஈடாக வவுச்சர் இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த வவுச்சர் உண்மையா, அந்தச் செலவு தேவையா என்று சொல்லாது. 120 ரூபாய் ஆட்டோவுக்கு 180 என்று எழுதினாலும் கூட்டல் 10,000-க்குத்தான் வரும்.

அதைப் பிடிக்கச் செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாலு சுற்றுகளில் கூரியர் 1,200 சுமாரிலேயே நிற்கிறது, பயணம் மட்டும் 1,400, 1,650, 1,865, 2,300 என்று ஏறுகிறது என்றால் பயண வவுச்சர்களை மட்டும் தனியே எடுங்கள். ஒரே இடத்துக்குப் போன ஆட்டோவுக்கு ஆளுக்கு ஆள் எவ்வளவு என்று பாருங்கள். பார்சல் அனுப்பப் போனதாக எழுதியிருந்தால் அன்று பார்சல் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் கேன் எத்தனை வந்தது என்று பார்ப்பது இன்னும் சுலபம், காலி கேன் மூலையில் நிற்கும்.

"எங்கள் பெட்டியில் இப்போது பழைய வவுச்சர், சீட்டு, யாரோ வைத்த பணம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

பழையதைச் சரிசெய்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். ஒரு தேதியைக் குறியுங்கள், மாதத்தின் முதல் வேலை நாள் நல்லது. முந்தின நாள் சாயங்காலம் பெட்டியை முழுக்கக் கொட்டி எண்ணி, இருந்த ரொக்கத்தை அப்படியே வங்கியிலோ மெயின் கேஷிலோ கட்டிவிடுங்கள். கிடைத்த வவுச்சர்களைக் கணக்கில் ஏற்றுங்கள். சீட்டுகளுக்கு உரியவர்களைக் கூப்பிட்டு, திருப்பித் தருகிறார்களா, சம்பளத்தில் பிடிக்கலாமா என்று எழுதி வாங்குங்கள். கணக்கு தெரியாமல் நிற்கும் தொகையை முதலாளி ஒரே முறை பார்த்து, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிக்கட்டும்.

மறுநாள் காலை காலிப் பெட்டி, ஒன்றாம் எண்ணில் தொடங்கும் புது வவுச்சர் புக், 10,000-க்குப் புது செக். பணத்தை எண்ணி வாங்கியதற்குப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். முதல் சோதனையை அந்த வாரத்துக்குள்ளேயே செய்துவிடுங்கள். எழுதாமல் விட்ட செலவு ஒன்றிரண்டு அப்போதே வெளிவரும், திருத்துவதும் எளிது.